மலிவு பிரின்டரும் விலை ஏறிய மையும்: திட்டமிட்ட காலாவதி, ஏமாற்று விலை பற்றிய கேள்வி பதில்

வணிக அறம் பற்றிய விவாதத்துக்குப் போய் ஏன் பிரின்டரை எடுக்கிறீர்கள்? செல்போன், பல்பு என்று எவ்வளவோ இருக்கிறதே?

இரண்டு குற்றச்சாட்டும் ஒரே பெட்டிக்குள் கிடைப்பது பிரின்டரில்தான். பொருளின் ஆயுளை விற்பவரே முன்கூட்டி முடிவு செய்து, வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விட்டால் அது திட்டமிட்ட காலாவதி. கடைசியில் எவ்வளவு செலவாகும் என்று வாங்குபவர் தவறாகக் கணக்குப் போடும்படி விலையைப் பிரித்தோ மறைத்தோ காட்டினால் அது ஏமாற்று விலை. வீட்டு உபயோக இங்க்ஜெட்டில் பாதி விலை பெட்டிமேல் இருக்கும், மீதி கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும். எத்தனை நாள் ஓடலாம் என்பதை உள்ளே இருக்கும் ஒரு சிப்பும் ஒரு கவுன்ட்டரும் சொல்லும்.

இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று எண்ணிப் பார்க்க முடிகிற பொருள் என்பதால், விவாதம் வெறும் கோபமாகப் போய்விடாது.

பிரின்டர் 4,000 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 850 ரூபாய். இரண்டு விலையும் வெளிப்படையாகத்தானே போட்டிருக்கு, இதில் ஏமாற்று எங்கே?

இரண்டு விலையும் உண்மைதான். வாங்குபவருக்குத் தேவைப்படும் மூன்றாவது விலை எங்கும் இல்லை: ஒரு பக்கம் அடிக்க என்ன செலவு?

கடையில் காணும் விலைகளை ஒட்டி, கணக்குக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜ் பிரின்டர் 4,000 ரூபாய். கறுப்பு கார்ட்ரிட்ஜ் 850 ரூபாய், பெட்டிமேல் 120 பக்கம் என்று இருக்கிறது. ஆக, பக்கத்துக்கு 7 ரூபாய் 8 காசு. பக்கத்து ஷெல்ஃபில் இங்க் டேங்க் பிரின்டர் 12,000 ரூபாய். அதோடு வரும் கறுப்பு மை பாட்டில் சில ஆயிரம் பக்கம் தாங்கும். அடுத்த பாட்டில் 400 ரூபாய், 4,000 பக்கம் என்று வைத்தால் பக்கத்துக்கு 10 காசு.

மாதம் 40 பக்கம் அடிக்கும் வீட்டில் மூன்று வருஷத்துக்கு 1,440 பக்கம், அதாவது 12 கார்ட்ரிட்ஜ். பிரின்டரோடு வருவது முழு கார்ட்ரிட்ஜ் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் இன்னும் 11 வாங்க வேண்டும்: 9,350 ரூபாய். பிரின்டரையும் சேர்த்தால் 13,350. டேங்க் பிரின்டரில் அதே மூன்று வருஷம் 12,000 ரூபாயோடு முடிந்துவிடும். ஏறத்தாழ 1,250 பக்கத்தில், அதாவது 31 மாதத்தில், "மலிவான" பிரின்டர் விலை கூடியதாகிவிடுகிறது.

பெருக்கல், வகுத்தல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்குதான். ஆனால் கடையில் நிற்கும்போது அதற்கான எண்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. பிரின்டர் விலை ஷெல்ஃபில், மை விலை இன்னொரு கவுன்ட்டரில், பக்க எண்ணிக்கை கார்ட்ரிட்ஜ் அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில். எண்ணெய், அரிசிப் பாக்கெட்டில் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிடச் சொல்கிறது இந்திய எடையளவுச் சட்டத்தின் பாக்கெட் பொருள் விதி. பிரின்டர் பெட்டியில் பக்கத்துக்கு என்ன விலை என்று யாரும் அச்சிடுவதில்லை. இந்த எண்ணைத் தயாரிப்பாளர் நிச்சயம் கணக்குப் போட்டிருப்பார், மையில் வரும் வருமானத்தை நம்பித்தான் பிரின்டர் விலையே நிர்ணயமாகிறது. தனக்குத் தெரிந்த ஒன்றை, எதிராளி முடிவெடுக்கத் தேவையான ஒன்றை, கையில் வைத்துக்கொண்டே சொல்லாமல் இருப்பதுதான் இங்கே அறப் பிரச்சினை. அதை வெறும் மௌனம் என்று விட்டுவிட முடியாது.

மாதம் பத்துப் பக்கம்கூட அடிக்காதவருக்கு இந்த 4,000 ரூபாய் பிரின்டர் லாபம்தானே? அப்படியானால் இந்த விலை முறையே தப்பு என்று எப்படிச் சொல்வது?

முறையே தப்பு என்று சொல்ல முடியாது. மூன்று வருஷத்தில் 360 பக்கம் அடிப்பவர் இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கினால் போதும், 5,700 ரூபாயில் முடித்துவிடுவார். அவருக்கு 12,000 ரூபாய் பிரின்டர் வீண். அதிகம் அடிப்பவர் கொடுக்கும் காசில் குறைவாக அடிப்பவரின் பிரின்டர் விலை குறைகிறது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாத ஒரு மாணவருக்கு இது உண்மையான உதவி.

ஆகவே "மலிவாகக் கொடுத்து மையில் எடுக்கிறான்" என்பதோடு நிற்கும் வாதம் பலவீனமானது. தான் எந்தப் பக்கம், குறைவாக அடிப்பவரா நிறைய அடிப்பவரா, என்று வாங்குபவர் தெரிந்து தேர்ந்தெடுக்க முடிந்தால் இந்த முறையில் குறை சொல்ல அதிகமில்லை. அதிகம் அடிப்பவர்கள் தெரியாமல் வந்து மாட்டினால்தான் லாபம் என்ற நிலை இருந்தால், அந்தத் தொழில் அவர்களின் அறியாமையை முதலாகப் போட்டு நடக்கிறது.

கார்ட்ரிட்ஜில் 120 பக்கம் என்று போட்டிருந்தது, 70 பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. இது பச்சைப் பொய்தானே?

பெரும்பாலும் பொய் இல்லை, அதனால்தான் இது சிக்கலான கேள்வி. பக்க எண்ணிக்கையை அளக்க ISO/IEC 24711 என்ற தர முறை இருக்கிறது. குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களை கார்ட்ரிட்ஜ் தீரும்வரை தொடர்ந்து அடித்து எண்ணுவார்கள். வீட்டில் யாரும் அப்படி அடிப்பதில்லை. திங்கட்கிழமை இரண்டு பக்கம், பிறகு பத்து நாள் கழித்து ஒரு ஆதார் நகல். இடையில் மை உலர்ந்து, மை தெளிக்கும் நுண்துளையான நாசில் அடைக்காமல் இருக்க, பிரின்டர் ஆன் ஆகும்போது தானே கொஞ்சம் மையை உறிஞ்சிக் கொட்டிச் சுத்தம் செய்துகொள்ளும். காகிதத்தைத் தொடாமலே கணிசமான மை போய்விடும். பல மாடல்களில் கறுப்பு எழுத்து அடிக்கும்போதும் கலர் மை கொஞ்சம் செலவாகும், மஞ்சள் தீர்ந்தால் கறுப்பு அடிக்க மறுக்கும் மாடல்களும் உண்டு. புதுப் பிரின்டரோடு வருவது பல நேரம் "செட்டப்" கார்ட்ரிட்ஜ், அதில் கடையில் விற்பதைவிட மை குறைவாக இருக்கலாம். முதல் நிரப்பலில் குழாய்களுக்குள் போகும் மை வேறு.

உங்களுக்கு 70 பக்கம்தான் வருகிறது என்றால் பக்கச் செலவு 12 ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன 31 மாதம் 18 மாதமாகச் சுருங்கிவிடும்.

பெட்டிமேல் உள்ள எண் சோதனைக் கூடத்தில் உண்மை, வீட்டில் உண்மை இல்லை. யாருக்காக அச்சிடுகிறோமோ அவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று தெரிந்திருந்தும், அவருக்குப் பொருந்தாத எண்ணை மட்டும் கொடுப்பது உண்மையை வைத்தே ஏமாற்றுவது. காரின் மைலேஜ் விளம்பரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மைலேஜை 20 விழுக்காடு கழித்துப் பார்க்க நமக்குத் தெரியும், மைக்கு எவ்வளவு கழிப்பது என்று தெரியாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரின்டர், அப்டேட் ஆன பிறகு ரீஃபில் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் கம்பெனி கை வைக்கலாமா?

உலகம் முழுக்க இதே கேள்வி எழுந்த நாள் 2016 செப்டம்பர் 13. அன்று எச்பி நிறுவனத்தின் ஆஃபிஸ்ஜெட் வகைப் பிரின்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த மற்ற நிறுவன கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தன. பிரின்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருந்த "டைனமிக் செக்யூரிட்டி" என்ற ஏற்பாடுதான் காரணம். கார்ட்ரிட்ஜில் எச்பி சிப் இருக்கிறதா என்று பிரின்டர் பார்க்கும், இல்லையென்றால் அச்சடிக்காது. எதிர்ப்பு கிளம்பியதும், சரியாகத் தெரிவிக்கவில்லை என்று நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அதை நீக்கும் ஃபர்ம்வேரையும் விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கை 15 லட்சம் டாலரில் சமரசமாக முடித்தது. ஏற்பாட்டை மட்டும் கைவிடவில்லை. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. இந்தக் கட்டுப்பாடு இருப்பதை வாங்கும்போதே வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அதில் ஒரு முக்கியக் காரணம்.

விற்ற பிறகும் பொருள்மேல் பிடி வைத்திருக்கலாமா என்ற கேள்வியை 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில் பார்த்தது. அந்த நிறுவனம் தன் டோனர் கார்ட்ரிட்ஜைத் தள்ளுபடி விலையில் கொடுத்து, "ஒரு தடவை பயன்படுத்திவிட்டு எங்களிடமே திருப்பித் தர வேண்டும்" என்று நிபந்தனை போட்டிருந்தது. காலி கார்ட்ரிட்ஜில் தூள் நிரப்பி விற்ற இன்னொரு நிறுவனத்தின்மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. விற்ற கணமே அந்தப் பொருளின்மேல் உள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்றது நீதிமன்றம். வாங்கியவரோடு போட்ட ஒப்பந்தம் தனி விஷயம், அதை வைத்து வேண்டுமானால் வழக்காடலாம், ஆனால் காப்புரிமையைச் சங்கிலி மாதிரி அடுத்தவர் கை வரைக்கும் இழுக்க முடியாது.

அறத்தின் பக்கம் நின்று பார்த்தால், பூட்டைவிட அது விழுந்த நேரம்தான் பெரிய குற்றம். "எங்கள் மை மட்டுமே" என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டு விற்றால் வேண்டாதவர் வாங்காமல் போவார். விற்று, வீட்டில் வைத்து, மூன்று செட் ரீஃபில் வாங்கி அலமாரியில் அடுக்கிய பிறகு நிபந்தனையை மாற்றினால், வாங்கும்போது கொடுத்த சம்மதத்துக்கு அர்த்தம் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் பாதியில் பூட்டை மாற்றினாலே நாம் சும்மா விடமாட்டோம். இங்கே வீட்டை விற்றவரே வந்து மாற்றுகிறார்.

பிரின்டரில் எல்லா விளக்கும் மின்னி, "இங்க் பேட் ஆயுள் முடிந்தது, சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்று நின்றுவிட்டது. இதுதான் திட்டமிட்ட காலாவதியா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நாசிலைச் சுத்தம் செய்யும்போது கொட்டும் மை எங்காவது போயாக வேண்டும். பிரின்டரின் அடியில் ஃபெல்ட் துணி மாதிரி தடித்த பஞ்சு இருக்கும், அதில்தான் ஊறும். இங்க் பேட் என்பது அதுதான். அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க பெரும்பாலும் சென்சார் கிடையாது. எத்தனை தடவை சுத்தம் செய்தது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மை கொட்டியிருக்கும் என்று மெமரியில் ஒரு கவுன்ட்டர் கூட்டிக்கொண்டே போகும். நூறு விழுக்காடு வந்ததும் பிரின்டர் நின்றுவிடும். நிறுத்தாமல் விட்டால் பஞ்சு நிரம்பி மை மேஜையில் வழியலாம், உள்ளே போர்டிலும் இறங்கலாம். ஆக, கவுன்ட்டர் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு.

நம்மூர் சர்வீஸ் கடையில் இதை லேப்டாப்போடு இணைத்து ஒரு ரீசெட் புரோகிராம் ஓட்டி, சில நூறு ரூபாய்க்கு கவுன்ட்டரை பூஜ்யமாக்கித் தருவார்கள். நல்ல கடைக்காரர் பேடையும் கழற்றிக் கழுவுவார் அல்லது மாற்றுவார். வெறும் ரீசெட் மட்டும் செய்தால் கவுன்ட்டர் பூஜ்யத்தில் இருக்கும், பஞ்சு நிரம்பியே இருக்கும். ஆறு மாதத்தில் மேஜை கறுப்பாகிவிட்டது என்று வருபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அறக் கேள்வி பஞ்சில் இல்லை, திருகாணியில் இருக்கிறது. சில மாடல்களில் இந்தப் பஞ்சு "மெயின்டனன்ஸ் பாக்ஸ்" என்ற தனிப் பெட்டியாக வருகிறது. ஒரு மூடியைக் கழற்றி, பழையதை உருவி, புதியதைச் செருக ஐந்து நிமிஷம் போதும். வேறு சில மாடல்களில் அதே பஞ்சு உள்ளே புதைந்து, உடலைப் பிரித்தால்தான் எட்டும், கவுன்ட்டரை ரீசெட் செய்யும் மென்பொருளும் வாங்கியவர் கைக்கு வராது. கழற்றக்கூடிய பெட்டி சாத்தியம் என்று ஒரு மாடலில் காட்டிவிட்ட பிறகு, மற்ற மாடலில் அது இல்லாதது தொழில்நுட்ப வரம்பு என்று சொல்ல முடியாது, அது ஒரு தேர்வு. செலவைக் குறைக்கச் செய்த தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் "இந்தப் பிரின்டர் ஒரு கட்டத்தில் தானே நிற்கும், அப்போது உங்களால் சரிசெய்ய முடியாது" என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆயுளைக் குறைத்து வடிவமைத்தாலே தவறு என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கி, வீட்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக நிறுத்தின. அதற்கு முன் 1,500 மணியும் அதற்கு மேலும் எரிந்த பல்புகள் சாதாரணம். அநியாயம் என்று முதலில் தோன்றும். ஆனால் இழை பல்பில் ஆயுளும் வெளிச்சமும் எதிரெதிர். இழையை அதிகச் சூட்டில் எரித்தால் அதே மின்சாரத்தில் அதிக வெளிச்சம் கிடைக்கும், இழை சீக்கிரம் தேய்ந்து அறுந்துபோகும். வோல்டேஜ் 5 விழுக்காடு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நீண்ட நாள் எரியும் மங்கலான பல்பு, மின்கட்டணத்தில் நஷ்டமாகவும் முடியலாம். 1951-இல் இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆணையமும் 1,000 மணி என்பது ஒரு சமரச அளவு என்ற தொழில்நுட்ப வாதத்தை ஏற்றது.

அப்படியானால் தவறு எங்கே? உறுப்பு நிறுவனங்களின் பல்புகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி, குறித்த அளவைவிட அதிக நேரம் எரிந்தால் அபராதம் போட்டார்கள். நல்ல பல்பு செய்ததற்கு அபராதம். வெளிச்சத்தில்தான் அக்கறை என்றால் வெளிச்சத்தை அளந்து, மங்கலான பல்புக்கு அபராதம் போட்டிருப்பார்கள். 1,000 என்ற எண்ணைப் பார்த்து நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது, எதைத் தண்டித்தார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரான்ஸ் 2015-இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கி, இரண்டு வருஷம் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை தண்டனை வைத்தது. நோக்கத்தை நிரூபிப்பது கடினம். அங்கேயே ஐஃபோன் வேகத்தைக் குறைத்த விஷயத்தில் 2020-இல் ஆப்பிளுக்கு விழுந்த இரண்டரைக் கோடி யூரோ அபராதம்கூட, அப்டேட் போட்டால் பழைய போன் மெதுவாகலாம் என்று பயனருக்குச் சொல்லாததற்காகத்தான். பழைய பேட்டரியில் போன் திடீரென அணைவதைத் தடுக்கவே வேகத்தைக் குறைத்தோம் என்பது நிறுவனத்தின் விளக்கம், அதில் தொழில்நுட்ப நியாயம் இருக்கிறது. சொல்லியிருந்தால் பலர் போனை மாற்றாமல் பேட்டரியை மாற்றியிருப்பார்கள்.

விவாதத்தில் கம்பெனி பக்கம் பேச வேண்டிய அணி எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

மூன்று வாதம் உண்டு, ஒன்றுதான் வலுவானது. "வாடிக்கையாளர் தாமாக வாங்கினார்" என்பது எண்களை மறைத்த இடத்திலேயே உடைந்துவிடும். "வெளி மையால் பிரின்டர் கெட்டுப்போகும்" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, மட்டமான மை நாசிலை அடைக்கும். அதற்கு எச்சரிக்கை காட்டினால் போதும், அல்லது அதனால் வந்த பழுதுக்கு வாரன்டி தர மறுக்கலாம். அச்சடிக்கவே விடாமல் பூட்ட வேண்டியதில்லை.

வலுவானது இது: பல கார்ட்ரிட்ஜ்களில் அச்சுத் தலையே கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து வருகிறது. மை மாற்றும்போது தலையும் புதிதாகிவிடும், அந்தச் செலவும் 850 ரூபாயில் இருக்கிறது. டேங்க் பிரின்டரில் தலை அடைத்தால் மாற்றும் செலவு பிரின்டர் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எதிரணி இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு என்ன இருக்கு?

திட்டமிட்ட காலாவதி என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. பக்கச் செலவு விஷயத்தில் பிடிக்கக்கூடிய நூல் அதுதான். 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணைய விற்பனையில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளான 13 வகை "டார்க் பேட்டர்ன்"களைத் தடுக்கின்றன. கடைசிக் கட்டத்தில் விலையைக் கூட்டுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் செய்வது எல்லாம் அதில் வரும். மை சந்தாத் திட்டம் எடுத்தவர்களுக்குக் கடைசி வகை உதவும். புகாருக்கு 1915 என்ற தேசிய உதவி எண். புகாரோடு பில், பெட்டியின் படம், ஸ்கிரீனில் வந்த செய்தியின் படம் மூன்றும் இருக்கட்டும். அப்டேட்டுக்கு முன் அதே கார்ட்ரிட்ஜ் வேலை செய்தது என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் இன்னும் நல்லது.

சரி, நேர்மையான பிரின்டர் பெட்டியில் என்னதான் எழுதியிருக்க வேண்டும்?

விவாதத்தில் இரு அணிக்கும் இதையே பயிற்சியாகக் கொடுக்கலாம்: நிறுவனத்தின் திட்டத்தை அப்படியே பெட்டிமேல் அச்சடியுங்கள், அதற்குப் பிறகும் விற்குமா என்று பாருங்கள். நாம் எடுத்த பிரின்டருக்கு அது இப்படி வரும்:

"விலை 4,000 ரூபாய். கறுப்புப் பக்கத்துக்கு மைச் செலவு 7 முதல் 12 ரூபாய். உள்ளே இருக்கும் முதல் கார்ட்ரிட்ஜ் 60 பக்கம் வரை. எங்கள் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே வேலை செய்யும். அப்டேட்டை நிறுத்திவைக்க முடியாது. இங்க் பேட் நிரம்பினால் பிரின்டர் நின்றுவிடும், சர்வீஸ் சென்டரில் மட்டுமே மாற்ற முடியும். மாதம் 40 பக்கத்துக்கு மேல் அடிப்பவர்கள் பக்கத்து ஷெல்ஃபைப் பார்க்கவும்."